கம்ப்ரசரைப் பெரிதாக்குவதற்கு முன் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் மெஷின் ஷாப்பில் 30 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசரும் 500 லிட்டர் டேங்கும் இருக்கின்றன. கம்ப்ரசரில் 7 பார் காட்டுகிறது. ஆனால் வாஷிங் மெஷின் காற்றடித்து உலர்த்தும்போதெல்லாம் கடைசி வரிசை சி.என்.சி. மெஷின்கள் லோ ஏர் அலாரம் அடித்து நின்றுவிடுகின்றன. புதிதாக 4 மெஷின்களும் வரவிருக்கின்றன. 50 எச்.பி. வாங்கிவிடலாமா? டேங்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: கேள்வியோடு நீங்கள் அனுப்பியிருக்கும் அளவுகளே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. உங்கள் கம்ப்ரசரின் பெயர்ப்பலகையில் நிமிடத்துக்கு 125 கன அடி, அதாவது ஏறத்தாழ 3.5 கன மீட்டர் என்று இருக்கிறது. பகல் ஷிப்டில் அது ஓடும் நேரத்தில் 88 சதவீதம் லோடில், அதாவது காற்றை அழுத்தி நிரப்பிக்கொண்டு, இருப்பதாக மணி மீட்டரைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சராசரியாக நீங்கள் செலவழிக்கும் காற்று 110 கன அடி. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் உடனே பெரிய கம்ப்ரசருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். அந்த 110 கன அடியில் மெஷின்களுக்குப் போவது எவ்வளவு, வெறுமனே கசிவது எவ்வளவு என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஷிப்ட் முடிந்து எல்லா மெஷின்களும் நின்ற பிறகு, அவற்றின் காற்று வால்வுகளை மூடாமல் திறந்தபடியே வைத்துவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். யாருமே காற்றைப் பயன்படுத்தாத அந்த நேரத்திலும் கம்ப்ரசர் லோடு ஆகிறது என்றால், அது நிரப்புவது முழுவதும் கசிவைத்தான். நீங்கள் பத்துச் சுற்றுகளுக்கு நேரம் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள்: லோடில் மொத்தம் 140 விநாடி, அன்லோடில் 320 விநாடி. 460 விநாடியில் 140 என்பது 30 சதவீதம். ஆகவே கசிவு மட்டுமே ஏறத்தாழ 38 கன அடி. உங்கள் மெஷின்கள் உண்மையில் எடுத்துக்கொள்வது 72 கன அடிதான். (வேகம் மாறும் வி.எஃப்.டி. கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு இந்த லோடு, அன்லோடு கணக்கு பொருந்தாது. அவர்கள் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, டேங்கின் அழுத்தம் எவ்வளவு நேரத்தில் 1 பார் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.)

அடுத்த இரவு இதே சோதனையை ஒவ்வொரு பகுதியின் வால்வையும் வரிசையாக மூடிக்கொண்டே செய்யுங்கள். எந்த வால்வை மூடியதும் அன்லோடு நேரம் சட்டென்று நீள்கிறதோ, அந்தப் பகுதியில்தான் தேடத் தொடங்க வேண்டும். மெஷின்களின் வால்வுகளை முதலில் திறந்து வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. என் அனுபவத்தில் மேலே ஓடும் இரும்புக் குழாயில் கசிவது குறைவு. மெஷினின் பின்கதவுக்குள் இருக்கும் புஷ் ஃபிட்டிங், எஃப்.ஆர்.எல். கிண்ணம், குயிக் கப்ளர், கிளாம்ப் தளர்ந்த ஹோஸ், முழுவதும் மூடாமல் நின்றுபோன ஆட்டோ டிரெயின் ஆகியவற்றில்தான் பெரும்பகுதி போய்விடுகிறது. மெஷின்கள் ஓடும் இரைச்சலில் அல்ட்ராசோனிக் கருவி உதவும். இரவில் சோப்பு நீரும் காதுமே போதும். கண்டுபிடித்த இடத்தில் எண் எழுதிய அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, சரிசெய்த பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். 3 மில்லிமீட்டர் துளை ஒன்று 7 பாரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 கன அடி காற்றை விட்டுவிடும் என்பதால், பெரிய கசிவுகள் இரண்டை அடைத்தாலே உங்கள் எண் கண்கூடாக இறங்கும். கசிவைப் பூஜ்யமாக்குவது நடக்கிற காரியம் அல்ல. 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

இப்போது அலாரத்துக்கு வருவோம். கம்ப்ரசரில் 7 பார், ஃபில்டரும் டிரையரும் தாண்டியதும் 6.5, கடைசி மெஷினில் 5.9 என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. ஆகக் குழாயில் மட்டும் 0.6 பார் இழக்கிறீர்கள். 80 மீட்டர் நீளமுள்ள 1 அங்குலக் குழாயில் 125 கன அடி ஓடினால் கணக்கிலும் ஏறத்தாழ இதே இழப்புதான் வருகிறது. குழாயின் உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிராக இந்த இழப்பு மாறுவதால், அதே தூரத்துக்கு 1½ அங்குலக் குழாய் போட்டால் இழப்பு 0.1 பாருக்கும் கீழே போய்விடும். ஃபில்டரில் போகும் அரை பாரும் அதிகம்தான். அதன் எலிமென்டை மாற்றிப் பாருங்கள்.

வாஷிங் மெஷின் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, 30 விநாடி, 60 கன அடி வேகத்தில் காற்றடிக்கிறது. அந்த அரை நிமிடத்தில் குழாயில் ஓட்டம் ஒன்றரை மடங்காவதால் அழுத்த இழப்பு இரட்டிப்பாகிறது. கம்ப்ரசர் ஏற்கெனவே முழு லோடில் இருந்தால், இந்தக் கூடுதல் காற்று முழுவதும் டேங்கிலிருந்துதான் வர வேண்டும். 60 கன அடி என்பது 1.7 கன மீட்டர். அரை நிமிடத்துக்கு 0.85 கன மீட்டர். டேங்கின் கணக்கு மிக எளியது: கூடுதலாகத் தேவைப்படும் காற்றின் அளவை, நாம் அனுமதிக்கும் அழுத்த வீழ்ச்சியால் வகுத்தால் டேங்கின் கொள்ளளவு வந்துவிடும். 1 பார்தான் விழலாம் என்றால் 850 லிட்டர் வேண்டும். உங்களிடம் இருப்பது 500 லிட்டர் என்பதால் 1.7 பார் விழுகிறது. அதோடு குழாயின் இழப்பும் சேர்ந்துகொள்ள, கடைசி மெஷின் 5 பாருக்குக் கீழே இறங்கி நின்றுவிடுகிறது.

கம்ப்ரசர் அறையில் 1000 லிட்டர் டேங்க் வைக்கலாம். ஆனால் நான் வேறு வழியைச் சொல்வேன். இன்னொரு 500 லிட்டர் டேங்கை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்து, அதற்குள் காற்று வரும் பாதையில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு நீடில் வால்வும் போடுங்கள். அங்கேயும் 1.7 பார் விழத்தான் செய்யும். ஆனால் உலர்த்தும் நாசில்களுக்கு ரெகுலேட்டரில் 3 பார் போதும் என்பதால் அந்த வீழ்ச்சி யாருக்கும் தெரியாது. மீதி நாலரை நிமிடத்தில் டேங்க் மெதுவாக நிரம்பும்போது மெயின் குழாயிலிருந்து எடுப்பது நிமிடத்துக்கு 7 கன அடிதான். மற்ற மெஷின்கள் அந்த 60 கன அடியைப் பார்க்கவே மாட்டா. ஷிப்ட் முடிவில் எல்லோரும் பத்து நிமிடம் ஏர் கன் பிடித்துக்கொண்டு நிற்கும் தேவைக்கு மட்டும் இந்த உபாயம் பயன்படாது. அவ்வளவு நீண்ட தேவையை எந்த டேங்காலும் தாங்க முடியாது.

பலரும் செய்வதுபோல் கம்ப்ரசரின் செட்டிங்கை 8 பாருக்கு ஏற்றிவிடாதீர்கள். அலாரம் சில நாள் அடங்கும். ஆனால் 1 பாருக்கு மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் கூடும், கசிவும் எட்டில் ஒரு பங்கு கூடும்.

கசிவு 12 கன அடியாகக் குறைந்தால் உங்கள் செலவு 84 கன அடி. புதிய மெஷின்கள் ஒவ்வொன்றுக்கும் சராசரி 6 கன அடி என்று அவற்றின் கையேட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; நான்குக்கும் 24. மொத்தம் 108 கன அடி, இன்றைய 110-ஐவிடக் கொஞ்சம் குறைவு. ஆகவே 50 எச்.பி. தேவையில்லை. அந்தப் பணத்தில் முதலில் குழாயை மாற்றுங்கள். மிச்சமிருந்தால் இதே அளவில் இன்னொரு 30 எச்.பி. வாங்கி ஸ்டாண்ட்பையாக வையுங்கள். எதற்கும் முன்னால், டேங்கின் வெளி வால்வை மூடி, காலியிலிருந்து 7 பார் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிடுங்கள். 1 நிமிடத்தை ஒட்டி வந்தால் பெயர்ப்பலகை சொல்வது சரி. 80, 90 விநாடி ஆனால் நான் இதுவரை போட்ட கணக்கு முழுவதையும் அந்தக் குறைந்த அளவை வைத்து மறுபடி போட வேண்டும்.