ஜீவனாம்சம் நின்றுபோனால்: ஒரு வருடக் கெடுவும் அதற்குப் பிறகும்

நேயர்களுக்கு வணக்கம். குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்ச வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். ஜீவனாம்சம் கேட்டு மனு போடுவது பற்றிப் பலருக்கும் ஓரளவு தெரியும். உத்தரவு கைக்கு வந்து, நாலைந்து மாதம் பணமும் வந்து, அப்புறம் ஒருநாள் அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கணவர் பணம் கட்டவில்லை என்றால் நீதிமன்றம் தானாக எதுவும் செய்யாது. உத்தரவு போட்டதோடு அந்த வழக்குக் கட்டு மூடப்பட்டுவிடும். பணம் வரவில்லை என்று மனைவி நிலுவை மனு போட்டால்தான் அது மறுபடி திறக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு என்று சொல்வோமே, 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக இருக்கிறது. எண் மாறியதே தவிர, வசூல் முறை மாறவில்லை. பழைய பிரிவில் வாங்கிய உத்தரவும் அப்படியே செல்லும்.

அந்தப் பிரிவில் ஒரு கெடு இருக்கிறது. எந்தத் தொகையாக இருந்தாலும், அது கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் கேட்டு மனு போட வேண்டும். போடாவிட்டால் அந்தத் தொகையை வசூலிக்க நீதிமன்றத்தின் வாரண்ட் கிடைக்காது. ஒவ்வொரு மாதத் தொகைக்கும் இந்த ஒரு வருடம் தனித்தனியாக ஓடுகிறது.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒரு பெண் 2023 மார்ச் 1-ஆம் தேதி மனு போடுகிறார். 2024 ஜூன் 3-ஆம் தேதி உத்தரவு வருகிறது: மனைவிக்கு 6,000, மகளுக்கு 4,000, ஆக மாதம் 10,000 ரூபாய், மனு போட்ட நாளிலிருந்து. அப்படியென்றால் 2024 மே வரை 15 மாதத்துக்கு ஒன்றரை லட்சம் பின்பாக்கி. அதை இரண்டு மாதத்துக்குள் கட்டவும், ஜூனிலிருந்து மாதாமாதம் 10-ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் போடவும் உத்தரவு. கணவர் ஜூன் முதல் அக்டோபர் வரை மாதத் தொகையைப் போடுகிறார். ஒன்றரை லட்சத்தைத் தொடவே இல்லை. நவம்பரிலிருந்து மாதத் தொகையும் நின்றுவிடுகிறது. "பொங்கல் கழியட்டும், சேர்த்துத் தருகிறேன்" என்கிறார். பிறகு மாமியார் பேசுகிறார், ஊர்ப் பெரியவர்கள் பேசுகிறார்கள். அந்தப் பெண்ணும் சரி என்று பொறுத்துப் பார்த்து, 2025 செப்டம்பர் நடுவில் வக்கீலிடம் வருகிறார்.

அன்றைக்குக் கணக்குப் போட்டால், நவம்பர் முதல் செப்டம்பர் வரை 11 மாதம், 1,10,000 ரூபாய். இதில் எதற்கும் ஒரு வருடம் ஆகவில்லை, வாரண்ட் கேட்கலாம். ஆனால் அந்த ஒன்றரை லட்சம்? அதைக் கட்ட வேண்டிய தவணை 2024 ஆகஸ்ட் 3-ஆம் தேதி முடிந்தது. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தோடு அதற்கு வாரண்ட் கேட்கும் வழி அடைபட்டுவிட்டது. ஜூலையில் வந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே கேட்டிருக்கலாம். சமாதானப் பேச்சில் போன சில வாரங்களில் பெரிய தொகை கைநழுவுகிறது. இன்னொரு எச்சரிக்கை: பின்பாக்கிக்குத் தவணை கொடுத்திருந்தாலும், உத்தரவு தேதியிலிருந்தே ஒரு வருடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். எதிர்த் தரப்பு அப்படித்தான் வாதாடும்.

அந்தப் பணம் அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. நம் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. பூங்கொடி எதிர் தங்கவேல், 2013. உயர் நீதிமன்றம் நிலுவையை ஒரு வருடத்துக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு வருடக் கெடு என்பது வாரண்ட் என்கிற விரைவு வழிக்கு மட்டும்தான், பணம் பெறும் உரிமையே அதனால் அழிந்துவிடாது, சாதாரண சிவில் வழி திறந்தே இருக்கிறது என்று சொன்னது. ஆனால் சிவில் வழி எவ்வளவு மெதுவானது என்று நீதிமன்றப் படி ஏறிய எல்லோருக்கும் தெரியும். அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதே விஷயத்தில் பெண்களுக்குச் சாதகமான இன்னொரு தீர்ப்பு உண்டு. 2005-இல் சாந்தா வழக்கில், ஒரு நிலுவை மனு கெடுவுக்குள் போடப்பட்டு இன்னும் முடியாமல் இருந்தால், அதற்குப் பிறகு சேரும் மாதங்களை அதே வழக்கில் சேர்த்துக் கேட்கலாம், புதிதாகக் கெடு பார்க்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே போட்ட மனுவை உயிரோடு வைத்திருப்பது முக்கியம். நடப்பது என்னவென்றால், வாரண்ட் வந்ததும் கணவர் இருபதாயிரத்தோடு நீதிமன்றத்துக்கு வருவார். மீதிக்கு வாய்தா கேட்பார். பணத்தைப் பார்த்ததும் மனைவியும் மனுவை முடித்துக்கொள்ளச் சம்மதித்துவிடுவார். அப்படிச் செய்யாதீர்கள். வாங்கும் பணத்துக்கு நீதிமன்றத்தில் எழுத்தில் ஒரு மெமோ போடுங்கள். அதில் இன்ன தொகை, இன்னின்ன மாதத்துக்கு, மீதி நிலுவை இவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி அதில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். நீதிமன்றத்துக்கு வெளியே ரொக்கமாகக் கொடுத்தால், வாங்கிய அன்றே தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து யார் எவ்வளவு கொடுத்தார் என்பதில்தான் சண்டை வரும்.

சரி, மனு போட்டாயிற்று. அடுத்து என்ன? கணவருக்கு நோட்டீஸ் போகும். ஏன் கட்டவில்லை என்பதற்குத் தக்க காரணம் சொல்லும் வாய்ப்பு அவருக்கு உண்டு. வேலை போய்விட்டது, வருமானம் குறைந்துவிட்டது என்பார்கள். வருமானம் உண்மையிலேயே குறைந்திருந்தால், தொகையைக் குறைக்கச் சொல்லி அவர் தனியாக மனு போட்டிருக்க வேண்டும். அந்த வழி சட்டத்தில் இருக்கிறது. தானாகவே நிறுத்திக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டிருக்கிறேன் என்றும் சொல்வார்கள். மனு போட்டது மட்டும் தடையாகாது, தடை உத்தரவு வாங்கியிருந்தால்தான் தடை. "என்னோடு வந்து வாழட்டும், பார்த்துக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். மனைவி மறுத்தால், மறுக்கும் காரணத்தை நீதிபதி கேட்பார். கணவர் வேறு திருமணம் செய்திருந்தாலோ வேறு பெண்ணோடு வாழ்ந்தாலோ, அது நியாயமான காரணம் என்று சட்டமே சொல்கிறது.

இதற்கெல்லாம் பிறகு வாரண்ட். அபராதத்தை வசூலிப்பது போலவே இந்தத் தொகையை வசூலிக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்கலாம். இல்லாவிட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, நிலவரி பாக்கி போல அசையும், அசையாச் சொத்துகளிலிருந்து வசூலிக்கச் செய்யலாம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் படுத்துவிடுகின்றன. "வீடு பூட்டியிருந்தது", "ஜப்தி செய்ய ஒன்றும் இல்லை" என்று குறிப்பு எழுதி வாரண்ட் திரும்பி வந்துவிடும். பணம் எங்கே இருக்கிறது என்பதை மனுவிலேயே நாம் சொல்லியிருந்தால், அப்படித் திருப்பி அனுப்புவது எளிதல்ல. வண்டி இருந்தால் அதன் பதிவு எண், நிலம் இருந்தால் சர்வே எண்ணும் பட்டா நகலும், வில்லங்கச் சான்று, வங்கிக் கிளையின் பெயர். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். கணவர் அன்றைக்குக் கொடுத்த அந்தப் பத்திரம் வழக்குக் கட்டிலேயே இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

கணவர் மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தைப் பிடிப்பதுதான் நல்ல வழி. அதே ரஜ்னேஷ் தீர்ப்பு, ஜீவனாம்ச உத்தரவை சிவில் நீதிமன்றப் பணத் தீர்ப்பைப் போலவும் நிறைவேற்றலாம் என்று சொல்லியிருக்கிறது. மற்றக் கடன்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் ஜப்தி செய்ய முடியும். ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் அதைத் திருப்பிப் போடுகிறது. மூன்றில் ஒரு பங்குதான் கணவருக்குப் பாதுகாப்பு, மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்கலாம். அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் சரியான பெயர், முகவரி, சம்பளம் போடும் அதிகாரியின் பதவி ஆகியவை மனுவில் இருக்க வேண்டும். வேலை மாற்றிவிட்டார் என்று தெரிந்தால் உடனே நீதிமன்றத்துக்குச் சொல்லுங்கள்.

அப்புறம்தான் சிறை. ஜப்தி வாரண்டை நிறைவேற்றிய பிறகும் பாக்கி இருந்தால்தான் சிறைத் தண்டனை என்று சட்டத்தின் வாசகம் இருக்கிறது. ஜப்திக்கு முயலாமல் நேராகப் பிடிவாரண்ட் வாங்கினால், மேல் நீதிமன்றத்தில் அது அடிபடும் ஆபத்து உண்டு. தண்டனை ஒரு மாதம் வரை, அதற்குள் பணத்தைக் கட்டினால் அப்போதே விடுதலை. ஒரே உத்தரவில் ஒரு மாதத்துக்கு மேல் போட முடியாது என்று ஷாஹதா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகும் கட்டாவிட்டால் மறுபடி மனு, மறுபடி சிறை.

"உள்ளே இருந்துட்டு வந்துட்டேன், இனி ஒண்ணும் கிடையாது" என்று வெளியே வந்து சொல்லும் கணவர்களை நிறையப் பார்க்கலாம். அதை நம்பிப் பேசாமல் இருந்துவிடும் மனைவிகளும் இருக்கிறார்கள். அது முழுத் தவறு. 1988-இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகத் தீர்த்துவைத்தது. சிறை என்பது பணத்தைக் கட்ட வைப்பதற்கான வழி, கடன் தீர்ந்ததற்கான ரசீது அல்ல. சிறையில் இருந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும். பணம் கையில் வந்தால்தான் அது தீரும். அவர் விடுதலையான பிறகும் அதே தொகைக்கு அவருடைய சொத்தையும் சம்பளத்தையும் பிடிக்கலாம்.

கணவர் வேறு ஊருக்குப் போய்விட்டாலும், அவர் இருக்கும் இடத்தின் மாஜிஸ்திரேட்டிடமே உத்தரவு நகலைக் காட்டி நிறைவேற்றச் சொல்லலாம். அந்த நகலை மனைவிக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். போகும்போது உத்தரவு நகல், பணம் வந்த, வராத மாதங்களைக் காட்டும் வங்கிப் பாஸ்புத்தகம், கணவரின் இப்போதைய முகவரி, வேலை விவரம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பாஸ்புத்தகத்தில் அதுவரை பதிவு போட்டு வாங்கிவிட்டுப் போங்கள். நிலுவைக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். வணக்கம்.