‘வாங்கண்ணே’: முதல் மூன்று விநாடியில் காது எதைப் பிடிக்கிறது?

[திரை: மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை வாசல். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறார்.]

குரல்: இவர் இன்னும் எந்தத் துணியையும் பார்க்கவில்லை. விலையும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கடையில் தன்னை மதிக்கிறார்களா என்பதை அநேகமாக முடிவு செய்துவிட்டார். அதற்குக் கிடைத்த சான்று ஒரே ஒரு சொல்.

[ஒலி 1: “வாங்கண்ணே.” ஒலி 2: அதே சொல், வேறு மாதிரி.]

குரல்: இரண்டும் ஒரே எழுத்துகள்தான். நண்பர் ஒருவரை விற்பனையாளராக நடிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். முதலாவதில் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பேசினார். இரண்டாவதில் போனைப் பார்த்துக்கொண்டே பேசினார். இப்போது இரண்டையும், குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் Praat என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்ப்போம்.

[திரை: இரண்டு சுருதிக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக.]

குரல்: முதல் கோட்டில் ‘வா’ 130 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கி, ‘ண்ணே’ வரும்போது 180 வரை ஏறுகிறது. மொத்தம் முக்கால் விநாடி. கடைசி ‘ஏ’ நன்றாக நீள்கிறது. இரண்டாவது கோடு 125-இல் தொடங்கி 95-க்கு இறங்கிவிடுகிறது. அரை விநாடிக்குள் சொல் முடிந்தே போகிறது. ‘ணே’ பாதி விழுங்கப்பட்டிருக்கிறது.

மேலே ஏறும் முடிவு, ‘இன்னும் பேச்சு இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்’ என்று வாசலைத் திறந்து வைக்கிறது. சரசரவென்று கீழே இறங்குவது பேச்சை மூடுகிறது.

இது எங்கள் ஊகம் மட்டுமல்ல. 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘பொன்ழூர்’ என்ற வணக்கச் சொல்லின் சுருதியைக் கணினியில் பலவிதமாக வளைத்து, எது நம்பகமாகக் கேட்கிறது என்று கேட்பவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டாம் அசையின் இறுதியில் சட்டென்று ஏறிய குரல்தான் நம்பகமாகக் கேட்டது. படிப்படியாக இறங்கியது அதிகாரமாகக் கேட்டது. அதற்கு முன், 2014-இல், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ‘ஹலோ’வை மட்டும், அதுவும் ஒரு விநாடிகூட இல்லாத துண்டாக, 64 குரல்களில் போட்டுக் காட்டினார்கள். பேசியவர் எப்படிப்பட்டவர் என்பதில் கேட்டவர்களின் கணிப்பு பெரும்பாலும் ஒத்துப்போனது. அந்தக் கணிப்பு சரியா என்பது வேறு கேள்வி. அதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர் சுருதியை அப்படியே தமிழில் ஒட்டவும் முடியாது. நம் ஊரில் ஒரு வில்லங்கம் உண்டு.

[ஒலி 3: “வாங்...க சார், வாங்க!”]

குரல்: பத்து மணி வேலைக்குப் பதினொன்றே காலுக்கு வருபவரிடம் மேலாளர் சொல்வது இது. சொற்களில் இதைவிட நல்ல வரவேற்பு இருக்க முடியாது. இரண்டு தரம் ‘வாங்க’, நடுவில் ‘சார்’ வேறு. ஆனால் முதல் ‘வாங்க’வை இழுத்து, மெதுவாகக் கீழே இறக்குகிறார். வந்தவருக்கு முகம் சுருங்கிவிடும். அதனால் வெறுமனே நீட்டினால் அன்பு வந்துவிடாது. எந்தப் பக்கம் ஏறி இறங்குகிறது, எந்த அசையில் நீள்கிறது என்பதுதான் கணக்கு.

அடுத்தது வேகம். வேகத்தில், பேசுவதற்கு முன் இருக்கும் மௌனமும் சேரும். 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டபோது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் வழக்கமான இடைவெளி சுமார் 0.2 விநாடி என்று தெரிந்தது. கேள்வி பதிலில் இவ்வளவு பழகிய காதுக்கு, வாசலில் கண் சந்தித்த பிறகு ஒன்றரை விநாடி கழித்து வரும் ‘வாங்கண்ணே’ எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தாமதமாகத்தான் படும். ‘சரி, வேற வழியில்ல’ என்று வந்த மாதிரி.

[திரை: கடைக்காரர் எல்லோரையும் ஒரே ராகத்தில் அழைக்கும் காட்சி.]

குரல்: இதைக் கேட்டு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று கிளம்பினால் ஒரு கோளாறு நடக்கும். எல்லோருக்கும் ஒரே ஏற்றம், ஒரே நீளம். வயதான அப்பத்தாவுக்கும் கல்லூரிப் பையனுக்கும் ஒரே ராகம். அரை மணி நேரம் கடையில் நின்று கேட்டால் அந்த ராகம் உங்களுக்கே மனப்பாடமாகிவிடும். வாடிக்கையாளர் காதுக்கு அது ரிக்கார்டு போட்ட மாதிரிதான். வந்தவரைப் பார்த்துச் சொன்னால், சுருதி ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

இன்னொன்று. ‘பேச்சில் 93 சதவீதம் சொல் இல்லை’ என்று சிலர் பயிற்சி வகுப்பில் அடித்துச் சொல்வார்கள். 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகளில் இருந்து வந்த எண் அது. தனித்தனிச் சொற்களைச் சொல்லும்போது விருப்பு வெறுப்பு எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் பார்த்தவை அவை. ‘தீபாவளி ஸ்டாக் மாடியில இருக்கு’ என்பதற்கு இந்த எண் பொருந்தாது. அங்கே சொல்தான் எல்லாம்.

[திரை: போனில் ஒலிப்பதிவுச் செயலி.]

குரல்: உங்கள் கடையில் சோதிக்க விரும்பினால், ஊழியருக்குச் சொல்லிவிட்டு ஒரு சாதாரண மாலையில் கல்லாப்பெட்டி பக்கம் போனைப் பதிவில் வைத்துவிடுங்கள். அப்புறம் அதைப் பக்கத்து அறையில் ஓட விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். சொற்கள் மங்கும், ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். எந்த நேரத்தில் குரல் இறங்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக் கூட்டத்திலா, சாப்பாட்டுக்கு மாற்று ஆள் இல்லாத நேரத்திலா என்று பார்த்தால், குறை ஆளிடமா, ஷிஃப்ட் பட்டியலிலா என்பது தெரிந்துவிடும்.