பழைய ஐபேடில் கோட் வரவில்லையா? அதை ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள்

வணக்கம் மக்களே, இப்போது குலசேகரத்தில் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். மழை காலையிலிருந்து விடவில்லை, பிராட்பேண்டும் நேற்றே போய்விட்டது.

சித்தி புது ஐபோன் வாங்கியிருக்கிறார். ஆப்பிள் கணக்கில் பாஸ்வேர்ட் போட்டதும், உங்கள் இன்னொரு கருவிக்கு ஆறு இலக்கக் கோட் அனுப்பியிருக்கிறோம் என்று வந்துவிட்டது. அந்த இன்னொரு கருவி, சவுதியிலிருந்து தம்பி கொண்டுவந்து கொடுத்த பழைய ஐபேட், சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. சரி, Didn't Get a Code? தொட்டு எஸ்எம்எஸ் கேட்கலாம் என்று பார்த்தால், காட்டிய நம்பரின் கடைசி இரண்டு எண் தம்பியின் பழைய சவுதி சிம்முடையது. அதை அவன் எப்போதோ விட்டுவிட்டான்.

ஐபேடைச் சார்ஜில் போட்டோம், ஆப்பிள் படம் வரவே அரை மணி நேரம் ஆனது. ஆன் ஆகியும் கோட் வரவில்லை, ஏனென்றால் தானாக வரும் அந்தப் பெட்டிக்கு நெட் வேண்டும். ஆனால் நெட் இல்லாமலும் அந்தக் கருவியே கோட் தரும், இதுதான் நிறைய பேருக்குத் தெரியாது. Settings திறந்து மேலே சித்தியின் பெயரைத் தொட்டேன். கணக்கு விவரம் கிடைக்கவில்லை என்று வந்தது, கூடவே Get Verification Code என்றும் இருந்தது. தொட்டதும் ஆறு எண் வந்தது, புது போனில் அடித்தோம், உள்ளே போய்விட்டது. நெட் இருந்தால் இதே கோட் Sign-In & Security உள்ளே இருக்கும், பழைய ஐபேடில் அதற்கு Password & Security என்று பெயர்.

இதெல்லாம் மேலே உங்கள் பெயர் தெரிந்தால்தான் நடக்கும். பெயருக்குப் பதில் சைன் இன் செய்யச் சொன்னால் அந்தக் கணக்கு வெளியே போய்விட்டது என்று அர்த்தம், அந்தக் கருவி இனி கோட் தராது, அதில் திரும்ப நுழையப் போனால் அதுவும் கோட்தான் கேட்கும். அதனால்தான் சொல்கிறேன், கோட் வரவில்லை என்ற கோபத்தில் பழைய கருவியை ரீசெட் செய்யாதீர்கள், சைன் அவுட்டும் செய்யாதீர்கள், இருக்கிற ஒரே வாசலை நீங்களே அடைத்துவிடுவீர்கள். அதன் திரைப் பூட்டு எண்ணும் நினைவில் இருக்க வேண்டும், சித்திக்கு நல்லவேளையாக இருந்தது.

கருவியும் போய், நம்பரும் போய்விட்டால் மிச்சமிருப்பது கணக்கு மீட்புக் கோரிக்கைதான். அதற்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், போன் செய்து கெஞ்சினாலும் சீக்கிரம் ஆகாது.

உள்ளே போனதும் முதல் வேலையாக, புது போனில் Two-Factor Authentication பக்கத்தில் சித்தியின் நம்பரையும் என் நம்பரையும் சேர்த்துவிட்டு, அந்தச் சவுதி நம்பரை எடுத்துவிட்டோம்.