வவுச்சரை அழிக்கலாமா, ரிவர்சல் போடணுமா?

வணக்கம். நேரா கணக்குக்குப் போயிடலாம். ஒரு ரிப்பேர் பில், நம்பர் 1043, தொகை 48,000. மே மாசம் வவுச்சர் 212-ல ஏறியிருக்கு, அதே பில் 219-லயும் ஏறிடுச்சு. ஜூன் 10-ஆம் தேதிதான் கண்ணுல படுது. மே அறிக்கை ஏற்கெனவே முதலாளி கைக்குப் போயாச்சு, அதுல ரிப்பேர் செலவு 1,30,000.

இப்போ 219-ஐ அழிச்சீங்கன்னா, சாஃப்ட்வேர்ல மே செலவு 82,000 ஆயிடும். கையில இருக்கற பேப்பர்ல 1,30,000. சாஃப்ட்வேர்ல எடிட் லாக் இல்லைன்னா, ஏன் மாறுச்சுன்னு சொல்ல ஒரு தடயமும் இருக்காது. இன்னொரு வம்பு: சில செட்டிங்ல நம்பர் தானா மறுபடி வரிசையாகும். 220 போய் 219 ஆயிடும், பிரின்ட் எடுத்து ஃபைல் பண்ணின எதுவும் அப்புறம் பொருந்தாது. விடுபட்ட நம்பரைத்தான் ஆடிட்டர் முதல்ல தேடுவார். இங்கே அந்த ஓட்டைகூடத் தெரியாம மூடிடும்.

தப்பா ஏறினதை அழிச்சதும், ரொக்க ரசீதைப் போட்டுட்டு, பணத்தை எடுத்துட்டு, ரசீதை அழிச்சதும் வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுதான். ஆடிட்டரோட தலைவலியே அதுதான். உங்க நேர்மையை அவர் சந்தேகப்படல, சரிபார்க்க அவர்கிட்ட எதுவும் இல்ல, அவ்வளவுதான்.

அதனால ரிவர்சல். ஜூன் 10 தேதியில ஒரு ஜர்னல்: சப்ளையர் டெபிட் 48,000, ரிப்பேர் செலவு கிரெடிட் 48,000. வரியைத் தனி லெட்ஜர்ல காட்டியிருந்தா அதையும் திருப்பணும், இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. நரேஷன்ல "வவுச்சர் 219 ரத்து, பில் 1043 இருமுறை பதிவு, சரியான பதிவு 212"னு எழுதுங்க. "தவறு திருத்தம்"னு மட்டும் எழுதினா அடுத்த வருஷம் உங்களுக்கே புரியாது.

பில்வாரியா கணக்கு வெச்சிருந்தா, இந்த டெபிட்டை 219-ல வந்த பில் நிலுவையோடவே கோக்கணும். கோக்கலைன்னா லெட்ஜர் பாக்கி சரியா இருக்கும், ஆனா நிலுவைப் பட்டியல்ல அந்த பில் நின்னுட்டே இருக்கும். யாராவது அதைப் பார்த்து ரெண்டாவது தடவை பணம் அனுப்பிடுவாங்க.

டேலி வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு: அதுல "ரிவர்சிங் ஜர்னல்"னு ஒரு வவுச்சர் வகை இருக்கு. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, அது உண்மையான லெட்ஜர் பாக்கியைத் தொடாது. சாதாரண ஜர்னல்லயே போடுங்க.

வருஷம் தாண்டிட்டா? புத்தகம் இன்னும் முடிக்கலைன்னா வருஷக் கடைசித் தேதியிலயே ரிவர்சல் போடலாம். முடிச்சாச்சுன்னா, தொகை பெரிசா இருந்தா ஆடிட்டர்கிட்ட கேட்காம கை வைக்காதீங்க. இல்லைன்னா இந்த வருஷச் செலவு பொய்யா குறைஞ்சு தெரியும்.

இப்பதான் ஏத்தினீங்க, பிரின்ட் எடுக்கல, எந்த அறிக்கையிலும் போகல, அப்படின்னா ரிவர்சல் தேவையில்ல. அப்பவும் டேலியில Alt+D அழுத்தி அழிக்காதீங்க, Alt+X அழுத்தி கேன்சல் பண்ணுங்க. தொகை போயிடும், நம்பர் அப்படியே நிக்கும்.