லாபம் எங்கே போச்சு, ஆடிட்டர் சார்?

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் கணக்குத் தணிக்கை செய்பவன் நான். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் எங்கள் அலுவலகத்தில் நாற்காலி கிடைக்காது. அப்படி ஒரு நாளில், தெற்கு வாசலுக்கு அந்தப் பக்கம் அப்பளக் கம்பெனி நடத்தும் ஒரு அண்ணாச்சி வந்தார். அவர் பெயர் வேண்டாம், எண்களையும் கொஞ்சம் முழுமையாக்கியே சொல்கிறேன். மஞ்சள் பையிலிருந்து பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து மேஜையில் விரித்தார்.

"சார், வரி போக லாபம் 54 லட்சம்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. பேங்க்குல ஓவர்டிராஃப்ட் போன வருசத்தைவிட 20 லட்சம் ஏறி நிக்குது. அப்ப அந்த 54 லட்சம் எங்க சார் இருக்கு?"

என் கணக்கில் தப்பு என்று அவர் நேராகச் சொல்லவில்லை. பார்வையில் இருந்தது.

அந்த வருடம் அவருடைய விற்பனை 4 கோடியே 80 லட்சத்திலிருந்து 7 கோடியே 20 லட்சமாக உயர்ந்திருந்தது. ஒன்றுக்கு ஒன்றரை. முன்பு மளிகைக் கடைகளுக்கு மட்டும் போட்டவர், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் சரக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தார். அவரை உட்காரவைத்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

உளுந்து வாங்கினால் பதினைந்து நாளில் வியாபாரிக்குப் பணம் போய்விட வேண்டும். அப்பளம் தேய்க்கும் பெண்களுக்குச் சனிக்கிழமை கூலி. அது ஒரு வாரம்கூடத் தள்ளாது. அப்பளம் காய்ந்து, கட்டுக் கட்டி, லாரி ஏறி, கடையில் இறங்கியதும் பில் போடுகிறோம். பில் போட்ட அன்றே அதை விற்பனை என்று கணக்கு ஏற்றுக்கொள்கிறது, லாபமும் அன்றே பிறந்துவிடுகிறது. காசு வருவதோ இரண்டு மாதம் கழித்து. வியாபாரம் ஒரே அளவில் ஓடினால் இந்த இடைவெளி தெரியாது. இன்று போகும் சரக்குக்கு ஈடாக, இரண்டு மாதம் முன்பு போன சரக்கின் பணம் வந்து சேரும். வியாபாரம் வளரும்போதுதான் இடிக்கும். உள்ளே வருவது பழைய, சின்ன அளவின் பணம். வெளியே போவது புதிய, பெரிய அளவின் செலவு.

அவர் கணக்கில் பாருங்கள். முன்பு மாதம் 40 லட்சம் விற்றார். இரண்டு மாத பாக்கி என்றால் 80 லட்சம் வெளியே நின்றது. இப்போது மாதம் 60 லட்சம், வெளியே நிற்பது 1 கோடியே 20 லட்சம். கடைக்காரர்களிடம் மட்டும் 40 லட்சம் கூடுதலாகப் போய்த் தங்கிவிட்டது. உளுந்து மூட்டை, மாவு, கட்டிவைத்த அப்பளம் என்று குடோனில் முன்பு 30 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது, இப்போது 48 லட்சம். அதில் 18 போச்சு. உளுந்து வியாபாரிக்கு இவர் தர வேண்டிய பாக்கியும் 12 லட்சத்திலிருந்து 18 ஆகியிருந்ததால் 6 லட்சம் நமக்குச் சாதகம். ஆக 52 லட்சம் வியாபாரத்துக்குள்ளேயே முடங்கிவிட்டது.

லாபம் 54. அதோடு தேய்மானம் 8 லட்சத்தைக் கூட்ட வேண்டும். எந்திரம் தேய்ந்ததற்காக அதைச் செலவில் எழுதினோமே தவிர, அந்த வருடம் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. 62 ஆயிற்று. முடங்கிய 52 போனால், தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்தது 10 லட்சம். ஐப்பசி மழையில் அப்பளம் காயாது என்று 30 லட்சத்துக்கு உலர்த்தும் எந்திரமும் கொட்டகையும் போட்டிருந்தார். பத்திலிருந்து முப்பதைக் கழித்தால் மைனஸ் 20. ஓவர்டிராஃப்ட்டில் ஏறியது அந்த இருபதுதான். இந்தக் கடைசி எண்ணைத்தான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்கிறார்கள். நான் கைமிச்சம் என்று சொல்வேன்.

அண்ணாச்சி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வராத காசுக்கு வரியும் கட்டியிருக்கேன்ல?" என்றார். கட்டியிருந்தார். வரிக்கு முன் லாபம் 72 லட்சம், அதற்கு 18 லட்சம் வரி. முன்கூட்டிய வரியின் கடைசித் தவணை மார்ச் 15. பிப்ரவரியில் போட்ட பில்லுக்குப் பணம் வராவிட்டாலும் அந்த லாபத்துக்கு வரி உண்டு.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தக் கணக்கைக் காட்டும் பணப்போக்கு அறிக்கையைச் சிறு கம்பெனிகள் தயாரிக்க வேண்டாம் என்று கம்பெனிச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. வேலையைக் குறைக்கத்தான் அந்த விலக்கு, புரிகிறது. ஆனால் இது யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் கைக்குத்தான் அது போய்ச் சேருவதில்லை.

கைமிச்சம் மைனஸில் இருப்பதாலேயே கம்பெனி கெட்டுவிட்டது என்று ஆகாது. வளர்ச்சி இழுக்கிறதா, வசூல் தளர்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியே நிற்கும் பாக்கி எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்று பாருங்கள். அண்ணாச்சிக்கு இரண்டு வருடமும் 60 நாள்தான். அப்படியானால் இது சுத்தமான வளர்ச்சி. அடுத்த வருடம் விற்பனை அதே 7 கோடியே 20 லட்சத்தில் நின்றால் புதிதாக எதுவும் முடங்காது, லாபம் கிட்டத்தட்ட முழுசாகக் கைக்கு வரும். அதுவே 80 நாளாகியிருந்தால் பாக்கி 1 கோடியே 60 லட்சம் ஆகியிருக்கும். கூடிய 80 லட்சத்தில் பாதி வளர்ச்சியின் கணக்கு. மறுபாதி, கடைக்காரர் இழுத்தடிப்பதாலோ, மார்ச் கடைசி வாரத்தில் டீலர் தலையில் சரக்கைத் தள்ளி விற்பனை என்று எழுதிக்கொள்வதாலோ வருவது. அப்படித் தள்ளிய அப்பளம் உடைந்து, நமுத்து, ஏப்ரலில் திரும்பி வரும்.

பாக்கியைச் சுருக்கச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உத்யம் பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவைத் தாண்டியவர் பணம் தரும்வரை அந்தக் கொள்முதலை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டத்தைக் காட்டிக் கடிதம் போட்டால் கடை அலமாரியில் இடம் போய்விடுமோ என்ற பயம் அண்ணாச்சிக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கடைசியாக அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. "கடன் வாங்காம எவ்வளவு வளந்திருக்கலாம்?" விற்பனை 2 கோடியே 40 லட்சம் கூடியதற்கு 52 லட்சம் முடங்கியது. அதாவது கூடும் ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையும் கிட்டத்தட்ட 22 ரூபாயை முழுங்குகிறது. 100 ரூபாயில் லாபம் ஏழரைதான். எந்திரத்தையும் வாங்கிக்கொண்டு, விற்பனையை 5 கோடியே 80 லட்சத்தோடு நிறுத்தியிருந்தால் லாபம் 43 லட்சத்துச் சொச்சம் வந்திருக்கும். தேய்மானத்தைக் கூட்டி எந்திரத்தைக் கழித்தால் சுமார் 21 லட்சம் மிஞ்சும். கூடுதலாக விற்ற ஒரு கோடிக்கு முடங்குவதும் அதே அளவுதான். ஆக ஒரு கோடி வளர்ச்சிக்குக் கடன் வேண்டியதில்லை. அதற்கு மேல் வந்த 1 கோடியே 40 லட்சம் ஓவர்டிராஃப்ட்டில் வளர்ந்தது.

அண்ணாச்சி காலண்டர் தாளை மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். மறுவாரம் போன் செய்தார். புதிதாகக் கேட்ட ஒரு கடைக்கு 90 நாள் கடன் என்றதால் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டாராம். "அந்த ஆர்டர் எவ்வளவு முழுங்கும்னு தாள்ல போட்டுப் பாத்தேன் சார், நூறு ரூபாய்க்கு முப்பத்தி மூணு வருது. சரியா?" என்று கேட்டார். உளுந்து வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியையும் கணக்கில் சேர்த்தாரா என்று கேட்டேன்.

"அதைச் சேர்க்கல சார், இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.