கிராபிக்ஸ் கார்ட ஓவர்கிளாக் பண்றதுக்கு முன்னாடி

வணக்கம் நேயர்களே. புதுசா கேமிங் பிசி போட்டவங்க கொஞ்ச நாள்லயே கேக்குற கேள்வி, கார்ட ஓவர்கிளாக் பண்ணலாமா, அதாவது கம்பெனி வெச்ச கிளாக் வேகத்துக்கு மேல ஓட்டலாமா, பண்ணா எவ்ளோ ஸ்பீடு கூடும்னு. நிறைய பேர்கிட்ட இருக்குற ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டயே எடுத்துப்போம்.

அதோட பூஸ்ட் கிளாக் 1777 மெகாஹெர்ட்ஸ்னு ஸ்பெக்ல இருக்கும். ஆனா கேம ஓட்டிட்டு பாத்தீங்கன்னா பெரும்பாலும் அதுக்கு மேலயே, 1850, 1880னு ஓடிட்டு இருக்கும். ஏன்னா சூடு கம்மியா இருந்து கரண்டும் மிச்சம் இருந்தா கார்டே கிளாக்க ஏத்திக்கும், சூடாக சூடாக கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கும். அதாவது கம்பெனிக்காரன் விட்டு வெச்ச இடத்துல பாதிக்கு மேல கார்டே எடுத்துருச்சு, நமக்கு மிஞ்சுறது கொஞ்சம்தான்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, எந்த கம்பெனி கார்டா இருந்தாலும் வேலை செய்யும். முதல்ல எதையும் தொடாம உங்க கேம்ல ஒரே சீன அரை மணி நேரம் ஓட்டி எஃப்பிஎஸ், டெம்பரேச்சர், கிளாக் மூணையும் எழுதி வெச்சுக்கோங்க. இத நிறைய பேர் பண்றதே இல்ல, அப்புறம் கூடுச்சா கூடலையான்னே தெரியாது. அடுத்து கோர் கிளாக்க 30 மெகாஹெர்ட்ஸ் கூட்டுங்க, அப்ளை பண்ணுங்க, அதே சீன ஓட்டுங்க, நல்லா இருந்தா இன்னொரு 30. ஒரு கட்டத்துல கேம் தானா மூடிக்கும், இல்ல ஸ்கிரீன் ஒரு நொடி கருப்பாகி டிரைவர் ரீசெட் ஆகும். பயப்படாதீங்க, அதான் எல்லை. 150ல கிராஷ் ஆச்சுன்னா 120ல நிக்காதீங்க, 90க்கு இறங்கிருங்க, ஏன்னா ஒரு கேம்ல தாங்குறது இன்னொரு கேம்ல தாங்காது.

மெமரி கிளாக் தனியா, கோர முடிச்ச அப்புறம் 100, 100ஆ ஏத்துங்க. மெமரி தாங்கலைன்னா திரையில கலர் கலரா கட்டம், புள்ளி மின்னும். சில கார்டுல அதுவும் தெரியாது, தப்பான டேட்டாவ திரும்ப திரும்ப அனுப்பி சமாளிச்சுக்கும், அதனால கிளாக் ஏறும் ஆனா எஃப்பிஎஸ் இறங்கும். அதுக்குதான் ஒவ்வொரு தடவையும் எஃப்பிஎஸ் பாக்க சொல்றேன். இன்னொன்னு, விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போதே அப்ளை ஆகுற ஆப்ஷன ஒரு வாரம் போகட்டும், அப்புறம் ஆன் பண்ணுங்க. அது ஆஃப்ல இருக்குற வரைக்கும் என்ன கிராஷ் ஆனாலும் ரீஸ்டார்ட் பண்ணா பழையபடி ஆயிரும்.

இப்போ கணக்கு பாருங்க. 1875ல ஓடுற கோர்ல 90 கூட்டுனா 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. மெமரி ஆஃப்டர்பர்னர்ல 7500னு காட்டும், 500 கூட்டுனா 7 சதவீதம் கிட்ட. கேம்ல கைக்கு வர்றது அதவிட கொஞ்சம் குறைவாவே இருக்கும். 60 எஃப்பிஎஸ் வந்த இடத்துல 62, 63 வரும். 45ல திணறுற கேம் 60 ஆகவே ஆகாது, அதுக்கு செட்டிங்ஸ்ல ஷேடோவ ஒரு படி குறைக்கிறதே மேல்.

சூடுதான் நம்ம ஊருக்கு பெரிய விஷயம். ஏசி ரூம்ல டெஸ்ட் பண்ணி போடுற வீடியோவ பாத்துட்டு, மே மாசம் 35 டிகிரி ரூம்ல அதே நம்பர போட்டா ஒத்துவராது. ரூம் 10 டிகிரி ஏறுனா கார்டும் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். 3060க்கு என்விடியா சொல்ற உச்சம் 93 டிகிரி, நீங்க 80க்குள்ள வெச்சுக்க பாருங்க. தாண்டுதுன்னா ஃபேன் ஸ்பீட கூட்டுங்க, தூசிய தட்டுங்க, அப்பவும் இறங்கலைன்னா கிளாக்க குறைங்க.

எனக்கு இதவிட பிடிச்சது அண்டர்வோல்ட்தான், அதாவது கார்டுக்கு போற வோல்டேஜ குறைச்சு ஓட்டுறது. ஆஃப்டர்பர்னர்ல கன்ட்ரோல் எஃப் அழுத்துனா வோல்டேஜ் கர்வ் வரும், அதுல 900 மில்லிவோல்ட்லயே 1800 மெகாஹெர்ட்ஸ் கிட்ட நிக்குற மாதிரி வெச்சுக்கலாம், எவ்ளோ தாங்கும்ங்கிறது கார்டுக்கு கார்டு மாறும். வோல்டேஜ் குறைஞ்சா பவர் வர்க்க கணக்குல குறையும், அதனால வேகம் கொஞ்சம்தான் போகும், சூடும் ஃபேன் சத்தமும் நல்லாவே இறங்கும்.

கடைசியா வாரண்டி. ஏஎம்டி தன் சாஃப்ட்வேர்லயே ஓவர்கிளாக் ஆப்ஷன் குடுத்துட்டு, அத யூஸ் பண்ணாலும் வாரண்டி போயிரும்னு அங்கயே எச்சரிக்கையும் போடுது. மத்த கம்பெனி ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி, அதனால உங்க கார்டோட வாரண்டி பேப்பர ஸ்லைடர தொடுறதுக்கு முன்னாடியே படிங்க. ஆஃப்டர்பர்னர்ல மாத்துறத ஒரு கிளிக்ல பழையபடி ஆக்கிரலாம். ஆனா கார்டுக்குள்ளயே பதிஞ்சிருக்குற பயாஸ் சாஃப்ட்வேர அழிச்சுட்டு வேற பயாஸ் ஃபிளாஷ் பண்றது அப்படி இல்ல, நடுவுல கரண்ட் போனா கார்டு ஆன்கூட ஆகாம போகலாம், அதோட சர்வீஸ் சென்டர்ல பயாஸ் வெர்ஷன பாத்தே கண்டுபிடிச்சுருவாங்க. வாரண்டி இருக்குற வரைக்கும் அந்த பக்கமே போகாதீங்க.