விசாரணையில் "ஆமாம்" என்றால் என்ன அர்த்தம்? மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடக்கும் விபரீதம்!

"இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை நீங்கள் மாட்டவில்லையா?" தொழிற்சாலைக்குள் நடக்கும் ஒழுங்கு விசாரணையில் விசாரணை அதிகாரி கேட்கிறார். தொழிலாளி, "ஆமாம்" என்கிறார். வீடியோவை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு கமெண்டில் போடுங்கள்: அவர் மூடியை மாட்டினாரா, இல்லையா?

நாம் தமிழ்க் காதோடு கேட்டால், "ஆமாம், மாட்டவில்லை" என்றுதான் எடுத்துக்கொள்வோம். ஆனால் எல்லா மொழியும் இப்படி இல்லை. ஆங்கிலத்தில் பொதுவாக, நடந்ததை வைத்துத்தான் பதில் வரும். மாட்டவில்லை என்றால் "நோ", மாட்டினால் "யெஸ்". அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் நம் மொழியில் அரைகுறையாக "ஆமாம்" என்று சொல்லும்போது, "மாட்டினேன்" என்றுதான் சொல்லவருகிறார். குறிப்பில் ஏறுவதோ "குற்றத்தை ஒப்புக்கொண்டார்". எனக்கு இது பெரிய பயத்தைத் தரும் விஷயம். ஒரே ஒரு வார்த்தையில் ஒருவருடைய வேலை போகலாம்.

தீர்வு எளிது. எதிர்மறையில் கேட்கவே கூடாது. "மூடி மாட்டியிருந்ததா? யார் மாட்டினார்கள்? எப்போது?" என்று கேட்க வேண்டும். பதிலும் முழு வாக்கியமாக வரவேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில் தானாக அர்த்தம் பண்ணிவிட மாட்டார். "கேள்வி இரண்டு விதமாகப் புரிகிறது, திருப்பிக் கேளுங்கள்" என்பார்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன் மீதான குற்றச்சாட்டைத் தெரிந்துகொண்டு பதில் சொல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் வேண்டும். அதுதான் இயற்கை நீதி. புரியாத மொழியில் தரும் வாய்ப்பு, வாய்ப்பே இல்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

அதே மூடிக் கதையை எடுத்துக்கொள்வோம். இரவுப் பணியில் தொழிலாளி மூடி இல்லாமல் இயந்திரத்தை ஓட்டினார் என்று மேற்பார்வையாளர் புகார் கொடுக்கிறார். விசாரணை நாளில், "இவருக்கு அந்த மொழி தெரியுமே" என்று அதே மேற்பார்வையாளரை மொழிபெயர்க்க உட்கார வைக்கிறார்கள். தொழிலாளி ஒரு நிமிடம் பேசுகிறார். மேற்பார்வையாளர் சொல்வது: "தப்புதான் என்கிறார்." அவ்வளவுதான். உண்மையில் தொழிலாளி சொன்னது என்ன தெரியுமா? "மூடியின் கொக்கி உடைந்திருந்தது. இவரிடமே காட்டினேன். பரவாயில்லை, ஓட்டு என்றார். தப்புதான், நான் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்."

ஒரு நிமிடப் பேச்சு இரண்டு வார்த்தையாகிவிட்டது. நீங்கள் விசாரணை அதிகாரியாக இருந்தால், அந்த மொழி தெரியாமலேயே பிடித்துவிடக்கூடிய அடையாளம் இது. மொழிபெயர்ப்பு கொஞ்சம் நீளும், சுருங்கும், இப்படி வற்றிப்போகாது. இன்னொரு அடையாளம்: இருவரும் தங்களுக்குள் நீளமாகப் பேசிக்கொள்வார்கள், ஆனால் உங்களுக்கு எதுவும் வராது. உடனே நிறுத்தி, "இப்போது என்ன பேசிக்கொண்டீர்கள்?" என்று கேட்டு, அதையும் பதிவில் ஏற்றுங்கள்.

அதனால் புகார் கொடுத்தவர், சாட்சி, குற்றச்சாட்டைத் தாக்கல் செய்பவர் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. தொழிலாளிக்குத் துணையாக வாதாட வந்த நண்பரும் வேண்டாம். அவர் வேலை வாதாடுவது. இரண்டையும் ஒருவரே செய்தால் எது தொழிலாளி சொன்னது, எது நண்பர் சேர்த்தது என்று பிரிக்க முடியாது.

"வேலையிடத்தில் நன்றாகத்தானே பேசுகிறார், எதற்கு மொழிபெயர்ப்பாளர்?" என்று சிலர் கேட்பார்கள். "அந்தப் பெட்டியை எடு" புரிவது வேறு, "உங்கள் மறுப்பை ஆதாரத்தோடு விளக்குங்கள்" புரிவது வேறு. "புரிகிறதா?" என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார். "உங்கள் மேல் என்ன குற்றச்சாட்டு, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், மொழிபெயர்ப்பாளர் வந்ததும் தொழிலாளியோடு சில நிமிடம் சாதாரணமாகப் பேசவிட்டு, வட்டார வழக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மொழியின் பெயர் ஒன்றாக இருந்தும் பேச்சு பிடிபடாமல் போவதுண்டு. தொழிலாளி சொல்வதை மொழிபெயர்ப்பாளர் "நான் காட்டினேன்" என்று தன்மையிலேயே சொல்ல வேண்டும். "காட்டினாராம்" என்றால் யார் காட்டியது என்பதே குழம்பிவிடும். எல்லாம் இரண்டு முறை பேசப்படுவதால் நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள், இடைவேளையும் விடுங்கள். களைத்த மொழிபெயர்ப்பாளர் வாக்கியங்களை விழுங்கத் தொடங்கிவிடுவார்.

முடிவில் விசாரணைக் குறிப்பு முழுவதையும் தொழிலாளியின் மொழியில் வாசித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். வாசித்துக் காட்டியதாக மொழிபெயர்ப்பாளரும் கையெழுத்திட வேண்டும்.

இதைப் பார்க்கிற தொழிலாளர்களுக்கு: மொழிபெயர்ப்பாளர் தரவில்லை என்றால், எழுந்து போய்விடாதீர்கள். "எனக்கு இந்த மொழி போதிய அளவு தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று விசாரணைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். உங்கள் மொழியில் எழுதினாலும் பரவாயில்லை. நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை தொடங்கியதும் அதே கோரிக்கையைச் சொல்லி, முதல் பக்கத்திலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள்.